பௌர்ணமி இரவில் காரைத் தேடி அலைந்த மூன்றரை மணி நேரம்

என் கார் திருடு போகவில்லை. நான் நிறுத்திய இடத்திலேயே, பூட்டியது பூட்டியபடி, கண்ணாடியில் புழுதி படிந்து நின்றுகொண்டிருந்தது. அதை நான் பின்னிரவு இரண்டே கால் மணி முதல் காலை ஐந்தே முக்கால் வரை, வெறுங்காலோடு, திருவண்ணாமலையின் திண்டிவனம் சாலையில் தேடிக்கொண்டிருந்தேன். வண்டி நிறுத்திய இடத்தைப் போனில் சேமித்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். சேமித்திருந்தேன், அதுவும் இரண்டு விதமாக. இரண்டுமே தவறாகப் போயின. சேமிக்காமல் விட்டிருந்தால் சுற்றியுள்ள அடையாளங்களையாவது மனத்தில் வாங்கியிருப்பேன். போனில் இருக்கிறது என்ற தைரியத்தில் எதையும் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

சித்திரைப் பௌர்ணமிக்குக் கிரிவலம் போக வேண்டும் என்று அம்மா வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அறுபத்தெட்டு வயதிலும் 14 கிலோமீட்டரை நடந்து முடிக்கும் உடம்பு அவர்களுக்கு. தாம்பரத்திலிருந்து பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாகப் போய்ச் சேர மாலை ஆறு மணி ஆகிவிட்டது. பௌர்ணமி நாளில் ஊருக்குள் கார் போக முடியாது. வெளியூர் வண்டிகளை ஊருக்கு முன்பே மடக்கி, சாலையின் இரு பக்கமும் உள்ள காலி நிலங்களிலும் மனைப் பிரிவுகளிலும் நிறுத்தச் சொல்கிறார்கள். நானும் அப்படி ஒரு மனைப் பிரிவுக்குள் நுழைந்து, நூறு ரூபாய் கொடுத்து, ஒரு பையன் கிழித்துக் கொடுத்த டோக்கனை வாங்கி, அவன் கைகாட்டிய வரிசையில் காரை நிறுத்தினேன். செருப்புகளைக் கழற்றிக் காரிலேயே வைத்தோம். டோக்கனை டேஷ்போர்டின் மேல் வைத்தேன். பவர் பேங்கையும் காரிலேயே விட்டுவிட்டேன் என்பது நள்ளிரவில்தான் தெரிந்தது.

இறங்குவதற்கு முன்பு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே போனை எடுத்து, கூகுள் மேப்ஸைத் திறந்து, நீலப் புள்ளியைத் தொட்டு, Save parking என்பதை அழுத்தினேன். பத்து வினாடி வேலை. அடுத்து, சென்னையிலிருந்த தம்பிக்கும் தெரிந்திருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பி, "கார் இங்கே நிற்கிறது" என்று எழுதினேன். அதன் பிறகு அம்மாவைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அது தம்பிக்கு அனுப்புவதற்காக எடுத்த படம். இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை. கடைசியில் எங்களுக்குக் காரைக் காட்டிக்கொடுத்தது அந்தப் படம்தான்.

ஷேர் ஆட்டோவில் ராஜகோபுரம் வரை போய், ஏழே கால் மணிக்கு நடக்கத் தொடங்கினோம். இந்திரலிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் அம்மா விடாமல் தரிசித்து, ஆங்காங்கே உட்கார்ந்து, மோர் குடித்து முடிப்பதற்குள் ஒன்றரை மணி ஆகிவிட்டது. நடை இனிமையாகவே இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். போனில் பத்தொன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. ஒரு ஆட்டோக்காரரிடம் மேப்பில் இருந்த குறியைக் காட்டி, முந்நூறு ரூபாய் பேசி, இரண்டே கால் மணிக்குக் குறி இருந்த இடத்தில் இறங்கினோம். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது. எதிரே ஒரு மைதானம், அதில் முந்நூறு கார்களாவது இருக்கும். சரியாக வந்து சேர்ந்தோம் என்றே நினைத்தேன்.

அந்த நினைப்புதான் என்னை ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கட்டிப்போட்டது. குறி ஏதாவது ஒரு வயலிலோ குளத்திலோ விழுந்திருந்தால் அது தவறு என்று உடனே தெரிந்திருக்கும். என் கெட்ட நேரம், அது இன்னொரு கார் நிறுத்துமிடத்தின் மேல் விழுந்திருந்தது. என்னுடையது வெள்ளை நிறச் சிறிய கார். அந்த மைதானத்தில் பாதிக்குப் பாதி வெள்ளைக் கார்கள். டார்ச் அடித்து வரிசை வரிசையாக எண் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் நின்று சாவியின் பூட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒரு விளக்கும் சிமிட்டவில்லை. காலில் நெருஞ்சி முள் குத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறையாக எல்லா வரிசைகளையும் பார்த்து முடித்தபோது, தொண்டை வறண்டு, அம்மாவிடம் போய் "காரை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஐந்து வருடத் தவணையில் இன்னும் பதினொரு மாதம் பாக்கி இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் மைதானத்து வாசலில் கிடந்த ஒரு செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குத் தம்பியை எழுப்பினேன். நான் அனுப்பிய இருப்பிடத்தைத் திறந்து பார்த்து, இந்த மைதானம்தானா என்று சொல்லும்படி கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நீ அனுப்பினது லைவ் லொக்கேஷன். நீ மலையைச் சுத்தி நடந்துட்டிருந்ததைத்தான் நான் ராத்திரி பூரா பார்த்துட்டிருந்தேன். எட்டு மணி நேரம் போட்டிருக்க, இப்ப முடிஞ்சுபோச்சு" என்றான். வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பும் பக்கத்தில் இரண்டு தேர்வுகள் உண்டு. Share live location என்பது நாம் போகுமிடமெல்லாம் நம்மோடு நகரும்; 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று நாம் கொடுத்த நேரம் முடிந்ததும் நின்றுவிடும். Send your current location என்பதுதான் அந்த நொடியில் நாம் நிற்கும் இடத்தை ஒரே இடமாக நிலைநிறுத்தி அனுப்பும். நாளை திறந்தாலும் அதே இடத்தைக் காட்டும். நிறுத்திய வண்டிக்கு வேண்டியது இரண்டாவது. மேலே இருப்பதைக் கை தானாகத் தொட்டுவிடுகிறது; நான் அதைத்தான் செய்திருக்கிறேன். மாலை ஆறே காலுக்குத் தொடங்கிய பகிர்வு, நான் ஆட்டோவிலிருந்து இறங்கிய அதே நேரத்தில் முடிந்திருக்கிறது. காரின் இடத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

என்னை அந்த மைதானத்திலிருந்து விடுவித்தவன் அங்கே தார்ப்பாய் விரித்துப் படுத்திருந்த டோக்கன் கொடுக்கும் பையன். நான் மூன்றாம் முறையாக வரிசைக்குள் போவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, டோக்கனைக் காட்டச் சொன்னான். காருக்குள் இருக்கிறது என்றேன். "எங்க டோக்கன் மஞ்சள் சார். உங்களுது என்ன கலர்?" என்றான். எனக்கு நிறம் மட்டும் நினைவிருந்தது, இளஞ்சிவப்பு. "அப்ப உங்க வண்டி எங்க கிரவுண்டுக்கே வரல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கார் திருடு போயிருக்கிறது என்ற பயம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. ஆனால் இளஞ்சிவப்பு டோக்கன் கொடுக்கும் மைதானம் எது என்று அவனுக்கும் தெரியவில்லை.

டோக்கனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் காரில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. டேஷ்போர்டில் வைக்கும்படி அவர்களே சொல்வதும் உண்டு. வைக்கலாம், அதற்கு முன்பு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடைய டோக்கனில் மைதானத்தின் பெயரும் குத்தகைக்காரரின் செல்பேசி எண்ணும் ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டிருந்தன. கார் கிடைத்த பிறகுதான் அதைப் படித்தேன். அந்த எண் கையில் இருந்திருந்தால் ஒரே அழைப்பில் வேலை முடிந்திருக்கும்.

அடுத்த அரை மணி நேரம் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். இன்னொரு ஆட்டோவை நானூறு ரூபாய்க்குப் பேசி, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, சாலையின் இரு பக்கமும் தெரிந்த மைதானங்களிலெல்லாம் இறங்கி ஏறினேன். இரவில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன; கம்பத்தில் கட்டிய குழல் விளக்கு, துணிப் பதாகை, தூங்கும் பையன். மாலையில் நாங்கள் வெளிச்சத்தில் வந்திருந்தோம், அப்போது மைதானம் பாதிதான் நிரம்பியிருந்தது. இரவில் நிரம்பிய மைதானம் வேறு இடமாகவே தெரியும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. நான்கே கால் மணிக்குப் போனில் நான்கு சதவீதம் காட்டியதும், ஆட்டோவை அனுப்பிவிட்டுச் சாலையோரம் இருந்த போலீஸ் உதவி மையத்துக்குப் போனேன்.

அங்கிருந்த காவலர் என்னைப் போல் அன்று இரவு வந்தவர்களில் நான் எத்தனையாவது ஆள் என்று கணக்கு வைத்திருந்தவர் போலப் பேசினார். புகார் எழுதுவதற்கு முன்பு, காரை நிறுத்தியபோது ஏதாவது படம் எடுத்தீர்களா என்று கேட்டார். அம்மாவின் படத்தைக் காட்டினேன். அவர் அம்மாவையும் காரையும் பார்க்கவில்லை. படத்தின் மேல் மூலையைப் பெரிதாக்கினார். காருக்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் கம்பத்தில் வெள்ளைப் பெயிண்டின் மேல் கறுப்பில் ஏதோ எழுதியிருந்தது. அதற்கு இடது பக்கம் ஒரு அரைகுறைக் கட்டடத்தின் மாடியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள். எழுத்து மங்கலாக இருந்தாலும் எண் படிக்க முடிந்தது. அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லி, பக்கத்து டீக்கடையில் கேட்கச் சொன்னார். போனையும் தன் சார்ஜரில் போட்டுக் கொடுத்தார். டீக்கடைக்காரருக்கு எண் புரியவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடம் தன் மச்சானுடையது என்றும், சாலைக்கு எதிர்ப் பக்கம், ஊருக்கு வெளியே போகும் திசையில் அரை கிலோமீட்டர் போக வேண்டும் என்றும் சொன்னார். வெளுக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டு நடந்தேன். டிரான்ஸ்பார்மர் கண்ணில் பட்டதும் சாவியை அழுத்தினேன். மூன்றாவது வரிசையில் என் கார் கண் சிமிட்டியது.

இழந்தது என்ன என்று பார்த்தால், இரண்டு ஆட்டோவுக்கும் சேர்த்து எழுநூறு ரூபாய், இரவு முழுவதும் நிறுத்தியதற்குக் கூடுதலாக நூறு, அம்மாவின் காலில் முள் உடைந்து உள்ளே தங்கியதற்கு மறுநாள் மருத்துவரிடம் அறுநூற்றைம்பது. தூக்கமில்லாமல் ஓட்டக்கூடாது என்று செஞ்சிக்கு அருகே இரண்டு மணி நேரம் வண்டியை ஓரம் கட்டித் தூங்கியதால் அன்றைய அலுவலகமும் போனது. இவற்றைவிட, அந்தச் செங்கல் குவியலின் மேல் அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்த காட்சிதான் பல நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, குறி ஏன் தவறியது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார் கிடைத்ததும் அதன் பக்கத்தில் நின்று இன்னொரு குறியைச் சேமித்திருந்தேன். மேப்பில் ஒரு இடத்தை நீண்ட நேரம் அழுத்தினால் கிடைக்கும் Measure distance என்ற வசதியால் இரண்டுக்கும் இடையே அளந்தபோது, ஏறக்குறைய 430 மீட்டர் வந்தது. பழைய குறி சாலைக்கு வடக்கே இருந்தது. கார் நின்றதோ தெற்கே. காரணம் நான் சேமித்த விதம்தான். எனக்குத் தெரிந்த வழி என்பதால் மேப் போடாமல் ஓட்டி வந்தேன். போன் மதியம் முதல் பையில் கிடந்தது. திறந்த உடனே போனுக்குத் தான் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியாது. செல்பேசிக் கோபுரங்களையும் சுற்றியுள்ள வைஃபைகளையும் வைத்து ஒரு உத்தேசமான இடத்தை முதலில் காட்டும். செயற்கைக்கோள்களின் குறிப்பு கிடைத்த பிறகே அதைத் திருத்திக்கொள்ளும். ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தன் பாதையைப் பற்றிய விவரத்தை அனுப்பி முடிக்கவே 30 வினாடி ஆகிறது. வழக்கமாகப் போன் அந்த விவரத்தை இணையத்திலிருந்து சட்டென்று வாங்கிக்கொள்வதால் நமக்குத் தாமதம் தெரிவதில்லை. லட்சக்கணக்கானோர் கூடிய பௌர்ணமி நாளில் இணையம் திணறும். நானோ உலோகக் கூரைக்குக் கீழே அமர்ந்துகொண்டு, திறந்த பத்தாவது வினாடியில் பொத்தானை அழுத்தி, அந்த உத்தேசத்தைப் போய்ச் சேமித்திருக்கிறேன்.

இதைப் போன் நம்மிடம் மறைப்பதும் இல்லை. நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீலத்தில் ஒரு வட்டம் தெரிகிறதே, அதைப் பல வருடமாக அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். நான் இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறேன் என்று போன் சொல்வது அது. வட்டம் ஒரு தெருவையே மூடிக்கொண்டிருந்தால் புள்ளி இருக்கும் இடத்தை நம்பக்கூடாது. வட்டம் சுருங்கிப் புள்ளிக்குள் மறைவது போல் ஆனால் சில மீட்டர் பிசகில் இருக்கிறோம் என்று கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் தற்போதைய இருப்பிடத்தை அனுப்பும்போது, எத்தனை மீட்டர் துல்லியம் என்று ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வரியிலேயே எழுதியிருக்கும். அது நூறுகளில் இருந்தால் அனுப்பாமல் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இப்போது நான் செய்வது இது. காரைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, பின்பக்க எண் பலகைக்கு அருகே வானம் தெரியும்படி நிற்கிறேன். மேப்ஸைத் திறந்துவிட்டு, அம்மா சேலையைச் சரிசெய்து பையை எடுத்துக்கொள்ளும் வரை எதையும் அழுத்துவதில்லை. அதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும், வட்டமும் சுருங்கிவிடும். பிறகு மேப்பை நன்றாகப் பெரிதாக்கி, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: பிரதான சாலை எனக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, மேப்பில் புள்ளிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? இரண்டும் ஒத்துப்போனால்தான் Save parking. அன்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், புள்ளி சாலைக்கு எதிர்ப் பக்கம் இருந்தது அப்போதே தெரிந்திருக்கும். சேமித்த குறியின் கீழ்ப் பகுதியைத் திறந்தால் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. "இளஞ்சிவப்பு டோக்கன், டிரான்ஸ்பார்மர் பக்கம், மூன்றாவது வரிசை" என்பது போல எழுதிவிடுகிறேன். வீடு திரும்பியதும் மறக்காமல் அந்தக் குறியை அழித்தும் விடுகிறேன். பழைய குறியைப் புதியது என்று நம்பி நடக்கும் ஆள் நான் என்பது எனக்குத் தெரியும்.

போன் அணைந்துவிட்டால் இதெல்லாம் வீண் என்பதால், இருப்பிடத்தின் எண்களை அம்மாவின் பட்டன் போனுக்கு எஸ்.எம்.எஸ். ஆக அனுப்புகிறேன். நீலப் புள்ளியின் மேலேயே விரலை நீண்ட நேரம் அழுத்தினால் ஒரு குறி விழும். அதன் விவரத்தில் இரண்டு எண்கள் தெரியும். திருவண்ணாமலைக்கு அவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
12.2253,79.0747
```

இணையம் திணறும் கூட்டத்திலும் எஸ்.எம்.எஸ். பெரும்பாலும் போய்விடுகிறது. யாருடைய போனிலும் கூகுள் மேப்ஸின் தேடும் இடத்தில் இந்த எண்களை இதே வரிசையில், நடுவே காற்புள்ளியோடு தட்டினால் அந்த இடம் வந்துவிடும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கங்களாவது வேண்டும். நான்காவது இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ சுமார் 11 மீட்டர்தான் நகரும். சோம்பலில் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப் போய்விடும். பிறகு எந்த மைதானம் என்றே தெரியாது.

புறப்படும் முன்பு வீட்டு வைஃபையில் அந்த ஊரின் வரைபடத்தையும் இறக்கிக்கொள்கிறேன். மேப்ஸில் நம் படத்தைத் தொட்டு, Offline maps என்பதற்குள் போய், Select your own map என்பதைத் தொட்டு, ஊரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, Download என்பதை அழுத்தினால் போதும். இதில் ஒரு குறை உண்டு. இணையம் இல்லாதபோது நடந்து போவதற்கான வழியை அது சொல்லாது. கார் ஓட்டும் வழியை மட்டுமே சொல்லும். ஆனால் செயற்கைக்கோள் குறிப்புக்கு இணையம் தேவையில்லை என்பதால் நீலப் புள்ளி நம்மோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். புள்ளி குறியை நெருங்குகிறதா, விலகுகிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். மைதானத்துக்குள் போன பிறகு மேப்பை மூடிவிட வேண்டும். பத்து மீட்டர் பிசகு என்பது அங்கே மூன்று நான்கு கார்களின் அகலம். அதற்கு மேல் சாவியின் பூட்டும் பொத்தானும் நம் கண்ணும்தான்.

படம் எடுப்பதில்தான் நான் அதிகம் மாறியிருக்கிறேன். முன்பு காரை மட்டும் எடுப்பேன். என் கார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? இப்போது மூன்று படம். காருக்குப் பின்னால் நின்று, அதற்கு மேலே தெரியும் உயரமான எதையாவது சேர்த்து ஒன்று: டிரான்ஸ்பார்மர், தண்ணீர்த் தொட்டி, செல்பேசிக் கோபுரம், கட்டடத்தின் மாடி என்று இரவில் நிரம்பிய மைதானத்திலும் கார்களுக்கு மேலே தெரிவது எதுவாக இருந்தாலும் சரி. மைதானத்தை விட்டு வெளியே வந்து சாலையைத் தொடும் இடத்தில், திரும்பி நின்று வாசலைப் பார்த்து இன்னொன்று. நாம் திரும்பி வரும்போது பார்க்கப்போவது அந்தக் கோணத்தில்தான். உள்ளே போகும்போது பார்த்த கோணம் அப்போது உதவாது. மூன்றாவது, டோக்கன். கேமராவின் அமைப்புகளில் இருப்பிடத்தைப் பதியும் வசதியை நான் அணைத்து வைத்திருந்தேன். அது இயங்கியிருந்தால் அம்மாவின் படத்திலேயே இடம் பதிந்திருக்கும். இப்போது வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் அதை இயக்குகிறேன். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்தப் பதிவு போகாது, நம் போனில் உள்ள அசல் படத்தில்தான் இருக்கும். தம்பியிடம் படம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

வணிக வளாகங்களின் தரைக்கீழ்த் தளங்களில் மேலே சொன்ன குறி எதுவும் உதவாது. அங்கே வானம் தெரியாததால் போன் கட்டடத்தைக் காட்டுமே தவிர, எந்தத் தளம் என்று சொல்லாது. தூணில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும், அதைவிட முக்கியமாக நாம் ஏறிய லிஃப்ட்டின் வாசலையும் படம் எடுத்துக்கொண்டால் போதும். ஒரே தளத்துக்கு இரண்டு மூன்று லிஃப்ட் இருக்கும். தவறான லிஃப்ட்டில் இறங்கினால் தூண் எண் தெரிந்தும் சுற்றத்தான் வேண்டும்.

இந்த வருடம் மறுபடியும் போனோம். அதே சாலை, வேறு மைதானம். கிளம்பும்போது சேமித்த குறிக்கும் கார் நின்ற இடத்துக்கும் இடையே திரும்பி வந்து அளந்தேன், ஆறு மீட்டர். ஒன்றே முக்கால் மணிக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி, ஒன்று ஐம்பதுக்கு அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இரு சக்கர வண்டிக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒரு வழி பிடிபடவில்லை. தினமும் ரயில் நிலைய ஸ்டாண்டில் நான் நிறுத்தும் வண்டியை, இடம் பண்ணுவதற்காக அங்கிருக்கும் ஆட்கள் இழுத்து இழுத்து வேறு வரிசைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். காலையில் எடுத்த படம் மாலையில் பொய்யாகிவிடுகிறது. ஹேண்டில் லாக் போட்டால் திட்டுகிறார்கள். இப்போதைக்குக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்திருக்கிறேன். போன வாரம் பார்த்தால் பக்கத்து வண்டிக்காரரும் ஒன்று கட்டியிருக்கிறார்.